நோட்டீஸில் உங்கள் வாழ்க்கைக் குறிப்பு: ஊராட்சித் தேர்தலில் நிற்கப் போகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

நெல்லை, தென்காசி மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர் தேர்தலில் நிற்க நினைத்திருக்கும் அண்ணாச்சிமார்களுக்கும் அக்காமார்களுக்கும் வணக்கம்.

பாளையங்கோட்டையில் ஒரு அச்சகத்தில் உட்கார்ந்து நோட்டீஸ் எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. கல்யாணப் பத்திரிகை, கொடை நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி என்று ஆண்டு முழுக்க ஓடும். தேர்தல் வந்தால் வேட்பாளர் நோட்டீஸ். அந்த நோட்டீஸில் உங்கள் படத்துக்குக் கீழே எட்டுப் பத்து வரியில் வருகிற வாழ்க்கைக் குறிப்பைப் பற்றித்தான் இந்த மடல்.

2021-ல் நம் இரண்டு மாவட்டங்களுக்கும் தேர்தல் நடந்தது ஞாபகம் இருக்கும். செப்டம்பர் 15 முதல் 22 வரை மனுத் தாக்கல், 25-ம் தேதி வாபஸுக்குக் கடைசி நாள், அக்டோபர் 6-லும் 9-லும் வாக்குப்பதிவு. ஊராட்சித் தலைவருக்கும் வார்டு உறுப்பினருக்கும் கட்சிச் சின்னம் கிடையாது, வாபஸ் முடிந்த பிறகுதான் பூட்டு சாவியா ஆட்டோவா என்றே தெரியும். ஆக, சின்னம் கையில் வந்து நோட்டீஸ் அடித்து வீடு வீடாகக் கொடுக்க இரண்டு வாரம்கூட இல்லை. அந்த அவசரத்தில் எல்லாரும் ஓடி வந்து, "போன தடவை அவருக்குப் போட்டீங்கல்லா, அதையே பேரை மாத்திப் போடுங்க" என்கிறார்கள். நாங்களும் போட்டுத் தருகிறோம். எளிமையின் சிகரம், ஏழைகளின் தோழன், மக்கள் பணியே மகேசன் பணி. ஒரே ஊராட்சியில் மூன்று வேட்பாளர்களும் எளிமையின் சிகரமாக இருந்த கூத்தும் உண்டு.

சின்னத்துக்காகக் காத்திருக்க வேண்டியது சின்னத்துக்கான இடம் மட்டும்தான். குறிப்பை இப்போதே எழுதி வைக்கலாம். எப்படி எழுதுவது என்பதை ஒரு ஆளை வைத்தே சொல்கிறேன். அடையாளம் தெரியக்கூடாது என்பதற்காக ஊரையும் எண்களையும் சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன்.

முக்கூடல் பக்கத்து ஊராட்சி ஒன்றில் 2021-ல் வார்டு உறுப்பினராக வந்த ஒரு அக்கா. பீடி சுற்றுகிறவர்கள். அடுத்த முறை தலைவருக்கு நிற்கலாம் என்று யோசனை. அவர்கள் வீட்டுக்காரர் ஒரு தாளில் எழுதிக் கொண்டு வந்திருந்தார். அதில் இருந்தது இவ்வளவுதான்: "வார்டு முழுவதும் சாலை அமைத்துக் கொடுத்தவர். குடிநீர்ப் பிரச்சினையை அடியோடு தீர்த்தவர். பெருவெள்ளத்தில் மக்களுக்கு நிவாரணம் வழங்கியவர். முதியோருக்கு உதவித்தொகை பெற்றுத் தந்தவர்."

நாலு வரி. நாலையும் எதிர்த்தரப்பு ஒரு போட்டோவில் கவிழ்த்துவிடும். காய்ந்த குழாயைப் படம் பிடித்து, பக்கத்தில் இந்த நோட்டீஸை வைத்து ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டால் முடிந்தது கதை. ஆனால் அந்த அக்காவிடம் ஒவ்வொரு வரியாகக் கேட்டபோது, ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் நிஜமான ஒரு வேலை இருந்தது. தாளில் அந்த வேலை இல்லை, அதை ஊதிப் பெரிதாக்கிய பொய்தான் இருந்தது.

முதலில் சாலை. வார்டு உறுப்பினர் கையில் நிதி கிடையாது. ஊராட்சிக் காசோலையில் கையெழுத்துப் போடுவது தலைவரும் துணைத்தலைவரும். இது ஊரில் பாதிப் பேருக்குத் தெரியும். அதனால் ஒரு வார்டு உறுப்பினர் "அமைத்துக் கொடுத்தேன்" என்றால், "எந்தப் பணத்துல?" என்றுதான் டீக்கடையில் முதல் கேள்வி வரும். நானும் அதைத்தான் கேட்டேன். தெற்குத் தெருவில் பேவர் பிளாக் போட்டது சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதியில். அப்படியானால் அக்கா என்ன செய்தார்கள்? 2022 அக்டோபர் 2 கிராம சபையில் தெருக்காரர்கள் கையெழுத்தோடு மனு கொடுத்து, தீர்மானப் புத்தகத்தில் ஏற வைத்திருக்கிறார்கள். 2024-ல் வேலை நடந்தபோது, கல்லைப் பழைய மட்டத்துக்கு மேலே ஏற்றி, ஓரத்தில் வாறுகால் விடாமல் பதித்துக்கொண்டே போயிருக்கிறார்கள். மழை பெய்தால் தெருத் தண்ணீர் முழுக்க வீட்டுக்குள் வரும். அக்கா ஒன்றியப் பொறியாளரைக் கையோடு கூட்டி வந்து காட்டி, வாறுகால் எடுத்த பிறகுதான் மிச்ச வேலை நடந்திருக்கிறது.

"இதைப் போயி எழுதுனா ஆளுக சிரிப்பாவளே அண்ணாச்சி" என்றார்கள். தெற்குத் தெருக்காரர் ஒருவரும் சிரிக்கமாட்டார். அந்த வாறுகால் இல்லாவிட்டால் அவர் வீட்டுத் திண்ணை என்ன ஆகியிருக்கும் என்று அவருக்குத் தெரியும்.

இங்கேதான் வினைச்சொல் முக்கியமாகிறது. ஊராட்சி வேலை ஒன்று நடந்து முடிய ஒருவர் கேட்க வேண்டும், சபையில் தீர்மானம் ஆக வேண்டும், யாரோ நிதி ஒதுக்க வேண்டும், பொறியாளர் மதிப்பீடு போட வேண்டும், ஒப்பந்தக்காரர் செய்ய வேண்டும், நடக்கும்போது ஒருவர் நின்று பார்க்க வேண்டும். இதில் உங்கள் இடம் எது? கேட்டிருந்தால் "கேட்டார்". தலைவராக இருந்து நிதிக்குழு மானியத்திலிருந்து ஒதுக்கியிருந்தால் "ஒதுக்கினார்". நின்று பார்த்திருந்தால் "கண்காணித்தார்". எல்லாவற்றுக்கும் "செய்து கொடுத்தார்" என்று போடுவதில்தான் பொய் நுழைகிறது. குளத்தையும் இப்படியே பாருங்கள். 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள குளம் நீர்வளத்துறையிடம் இருக்கிறது, அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்திடம். குடிமராமத்தில் தூர்வாரியிருந்தால் அதைப் பெரும்பாலும் நடத்தியது விவசாயிகள் சங்கம். அந்தச் சங்கத்தில் நீங்கள் பொறுப்பில் இருந்திருந்தால் அப்படியே எழுதுங்கள், அதுவே கௌரவம். "குளம் வெட்டிய கோமான்" வேண்டாம்.

அடுத்தது குடிநீர். ஜல் ஜீவன் திட்டத்தில் வீட்டுக்கு வீடு குழாய் வந்துவிட்டது. திட்டக் கணக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். ஆனால் குழாய் வந்த வீடெல்லாம் தண்ணீர் வந்த வீடு ஆகிவிடாது. இந்த ஊரில் மேல்நிலைத் தொட்டியிலிருந்து திறந்துவிட்டால் தாழ்வான தெருக்காரர்கள் பிடித்து முடிப்பதற்குள் தொட்டி காலி. கீழத்தெரு, அதாவது கிழக்குத் தெரு, குழாயின் கடைசியில் இருப்பதால் அங்கே சொட்டுத்தான். அக்கா ஊராட்சிக் கூட்டத்தில் பலமுறை பேசி, கீழத்தெரு லைனுக்குத் தனியாக ஒரு கேட் வால்வு வைக்கச் செய்திருக்கிறார்கள். இப்போது தொட்டி இயக்குபவர் ஒருநாள் இந்தப் பக்கம், ஒருநாள் அந்தப் பக்கம் என்று மாற்றித் திறக்கிறார். கீழத்தெருவுக்குத் தண்ணீர் வருகிறது. மேட்டுத் தெருவில் 11 வீடுகளுக்கு மட்டும் இன்னும் ஏறவில்லை.

அந்த 11 வீட்டையும் குறிப்பில் எழுதச் சொன்னேன். வீட்டுக்காரர் எழுந்தே நின்றுவிட்டார். "நம்ம குறைய நாமளே அச்சடிச்சுக் கொடுக்கவா?" என்றார். நான் சொன்னது இதுதான்: மேட்டுத் தெருக்காரர்களுக்கு உங்கள் நோட்டீஸ் வந்துதான் தண்ணீர் இல்லை என்று தெரிய வேண்டுமா? "அடியோடு தீர்த்தவர்" என்று போட்டால் அந்த 11 வீடும் போகும், அவர்கள் சொல்லிக் கேட்கிற சொந்தக்காரர் வீடும் போகும். "இன்னும் ஏறவில்லை" என்று போட்டால், இந்த ஆளுக்கு நம்ம வீடு கணக்கில் இருக்கிறது என்றாவது தெரியும். கடைசியில் அக்காதான் முடிவு செய்தார்கள், போடுங்கள் என்று.

வெள்ளம். 2023 டிசம்பர் 17, 18 மழையை யாரும் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது, தாமிரபரணி ஓரமெல்லாம் முழுகியது. அதற்குப் பிறகு வந்த எல்லா நோட்டீஸிலும் "வெள்ள நிவாரணம் வழங்கியவர்" இருக்கிறது. கடுமையாகப் பாதித்த வட்டங்களில் ரேஷன் கடை வழியாக வந்த 6,000 ரூபாய் அரசாங்கப் பணம். டோக்கன் கொடுக்கும்போது பக்கத்தில் நின்று படம் எடுத்தவரெல்லாம் வழங்கியவர் ஆகிவிட முடியாது. இந்த அக்கா செய்தது வேறு. பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தவர்களுக்குச் சமைத்த பெண்களில் ஒருவராக நான்கு நாள் அடுப்படியில் நின்றிருக்கிறார்கள். ரேஷன் அட்டை ஆற்றோடு போன, நனைந்து கிழிந்த 14 குடும்பங்களுக்கு மனு எழுதிக் கொடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடம் கூட்டிப் போயிருக்கிறார்கள். இதை எழுதலாம். அந்த 14 குடும்பத்தின் பேரோ படமோ மட்டும் வேண்டாம். உதவி வாங்கியவர் முகத்தை நோட்டீஸில் அச்சடிப்பதைப் போல அசிங்கம் இல்லை.

முதியோர் உதவித்தொகையும் அப்படித்தான். ஆணை போடுவது தாலுகாவில் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர். நீங்கள் எழுதிக் கொடுத்தது விண்ணப்பம். எத்தனை எழுதினோம், எத்தனை கிடைத்தது என்று கணக்கு இருந்தால் போடுங்கள், இல்லாவிட்டால் அந்த வரியை விடுங்கள். அக்காவிடம் கணக்கு இல்லை, விட்டுவிட்டோம்.

இவ்வளவு பேசி முடித்து எழுந்திருக்கும்போதுதான் தாளில் இல்லாத ஒன்று வந்தது. அலைபேசி அடித்தது, அந்தப் பக்கம் யாரோ ஒரு பிள்ளை. "ஆதார்ல இனிஷியல் முன்னால இருக்கா பின்னால இருக்கா பாரு, பேங்க் புக்ல எப்படி இருக்கோ அப்படி இருக்கணும்" என்று அக்கா சொல்லிக்கொண்டிருந்தார்கள். என்ன என்று கேட்டேன். பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மத்தியத் தொழிலாளர் அமைச்சகத்தின் கல்வி உதவித்தொகை உண்டு, ஆண்டுதோறும் இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அம்மாவின் பீடித் தொழிலாளர் அடையாள அட்டை, பிள்ளையின் வங்கிக் கணக்கு, ஆதார், எல்லாவற்றிலும் பேர் ஒத்துப்போக வேண்டும். ஒரு புள்ளி மாறினால் திரும்பி வந்துவிடும். அக்கா வார்டுப் பிள்ளைகள் எல்லாருக்கும் அதைச் சரிபார்த்துக் கொடுக்கிறார்கள். வார்டு உறுப்பினர் ஆவதற்கு முன்னாலிருந்தே.

அதை ஏன் எழுதவில்லை என்று கேட்டால் வீட்டுக்காரர், "அது இவ சும்மா செய்யுதது, அரசியல் இல்லல்லா" என்கிறார். இந்த இடத்தில் ஆண்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2016 சட்டத்திருத்தத்துக்குப் பிறகு உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு. அந்த இடங்களுக்கு வருகிற நோட்டீஸைப் பாருங்கள்: அவர்கள் படம் தபால்தலை அளவு, வீட்டுக்காரர் படம் கால் பக்கம். குறிப்பு முழுக்க "இன்னாரின் துணைவியார்", அப்புறம் இன்னாரின் சேவைகள். அண்ணாச்சி, உங்கள் சேவை நிஜமாகவே இருக்கட்டும். தேர்தலில் நிற்பது அவர்கள். தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்துப் போடப் போவதும் அவர்கள்தான். அவர்கள் குறிப்பில் அவர்கள் வேலைதான் இருக்க வேண்டும். அதைக் கேட்டு எழுத வேண்டும் என்றால் கொஞ்ச நேரம் நீங்கள் வெளியே போய் டீ குடித்துவிட்டு வாருங்கள்.

கடைசியில் அக்காவின் குறிப்பு இப்படி வந்தது:

"வயது 43. எட்டாம் வகுப்பு வரை படித்தவர். பீடித் தொழிலாளி. 2021 அக்டோபர் முதல் நான்காவது வார்டு உறுப்பினர். தெற்குத் தெருவுக்குச் சாலை கேட்டு 2022 அக்டோபர் 2 கிராம சபையில் மனு கொடுத்துத் தீர்மானம் ஆக்கினார். சட்டமன்ற உறுப்பினர் நிதியில் 2024-ல் சாலை வந்தது. வாறுகால் இல்லாமல் வேலை நடந்தபோது பொறியாளரை அழைத்து வந்து காட்டி, வாறுகால் எடுக்க வைத்தார். கீழத்தெருவுக்குத் தனி கேட் வால்வு கேட்டு வாங்கினார். இப்போது ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் வருகிறது. மேட்டுத் தெருவில் 11 வீடுகளுக்கு இன்னும் ஏறவில்லை. 2023 வெள்ளத்தில் பள்ளியில் தங்கியவர்களுக்குச் சமைத்த பெண்களில் ஒருவர். ரேஷன் அட்டை இழந்த 14 குடும்பங்களுக்கு மனு எழுதிக் கொடுத்தார். பீடித் தொழிலாளர் பிள்ளைகளின் கல்வி உதவித்தொகை விண்ணப்பங்களை ஆண்டுதோறும் சரிபார்த்துக் கொடுக்கிறார்."

நோட்டீஸில் பாதிப் பக்கம், வயதானவர்களும் கண்ணாடி இல்லாமல் படிக்கிற எழுத்தில் பிடித்துவிட்டது. இதில் "செய்வேன்" என்று ஒரு வரியும் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். வாக்குறுதியே கூடாது என்று நான் சொல்லவில்லை. அதற்கு நோட்டீஸின் பின்பக்கம் இருக்கிறது. அங்கேயும் தலைவர் கையில் இருப்பதை மட்டும் எழுதுங்கள்: குடிநீர், தெருவிளக்கு, வாறுகால், குப்பை, ஊராட்சிச் சாலை. புதுப் பேருந்து விடுவதும் டாஸ்மாக்கை மூடுவதும் பட்டா கொடுப்பதும் தலைவரால் ஆகாது. தீர்மானம் போட்டு அனுப்பலாம், அவ்வளவுதான்.

எழுதும்போது உங்கள் ஞாபகத்தை நம்பாதீர்கள். கிராம சபை 2022 முதல் ஆண்டுக்கு ஆறு தடவை நடக்கிறது, மார்ச் 22-ம் நவம்பர் 1-ம் புதிதாகச் சேர்ந்தவை. எந்தச் சபையில் எந்தத் தீர்மானம் என்பது நிஜமாகவே குழம்பும். தீர்மானப் புத்தகத்தின் நகல் கேளுங்கள். தராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு மனுப் போடுங்கள், பதில் சொல்ல 30 நாள் அவகாசம் அவர்களுக்கு உண்டு. அதனால்தான் இப்போதே தொடங்கச் சொல்கிறேன், மனுத் தாக்கல் வாரத்தில் போட்டால் பதில் வரும்போது வாக்கே எண்ணி முடித்திருப்பார்கள். ஊராட்சி மானியச் செலவு இ-கிராம் ஸ்வராஜ் தளத்தில் இருக்கிறது. நீங்கள் பார்க்காவிட்டாலும் எதிர்த்து நிற்கிறவரின் மகன் பார்ப்பான்.

சிலருக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. "ஊராட்சிப் பணிகளைத் தரமாகச் செய்த ஒப்பந்ததாரர்" என்று பெருமையாகப் போடச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நடப்பில் உள்ள ஊராட்சி ஒப்பந்தத்தில் பங்கு இருப்பது தகுதியிழப்புக்குக் காரணமாகும். உங்கள் நோட்டீஸே உங்களுக்கு எதிரான சாட்சியாகலாம், முதலில் வக்கீலைப் பாருங்கள். படிப்பும் அப்படித்தான். மனுவோடு கொடுத்த விவரத்தில் பிளஸ் டூ, நோட்டீஸில் பி.ஏ. என்று இருக்கக் கூடாது. கொடைக்கு அன்னதானம் போட்டது, கமிட்டித் தலைவராக இருந்தது, சாதிச் சங்கப் பொறுப்பு இவற்றையும் விடுங்கள். கொடைக்குக் கொடுத்தது சாமிக்குக் கொடுத்தது. சாதியைச் சொல்லி ஓட்டுக் கேட்பது தேர்தல் விதிக்கு ஆகாது, சாதித் தலைவர் படத்தைப் போட்டுக் குறிப்பாகச் சொன்னாலும் ஊருக்கு விளங்கத்தான் செய்யும்.

அச்சுக்கு வரும்போது அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் நோட்டீஸில் இருக்க வேண்டும். சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தலுக்கு 1951-ம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஏ பிரிவு இதைச் சொல்கிறது. வெளியிடுகிறவர் தான் யார் என்று கையெழுத்திட்ட உறுதிமொழி இரண்டு பிரதி, அவரை நேரில் தெரிந்த இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்தோடு. மீறினால் ஆறு மாதம் வரை சிறை அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். உள்ளாட்சித் தேர்தலை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம் என்றாலும், எங்கள் அச்சகத்தில் அதற்கும் இதே தாளை வாங்கி வைத்துத்தான் மெஷினில் ஏற்றுவோம். எத்தனை பிரதி என்பதைக் குறைத்துப் போடச் சொல்லாதீர்கள். 2021-ல் ஊராட்சித் தலைவர் வேட்பாளருக்குச் செலவு வரம்பு 34,000 ரூபாய். நோட்டீஸ் பில்லும் அதற்குள்தான் வரும். பலவண்ணத்தில் பளபளப்புத் தாள் கேட்கிறவர்கள் இந்தக் கணக்கை முதலில் போட்டுப் பாருங்கள், ஒரு வண்ணத்தில் சாதாரணத் தாளே போதும்.

குறிப்பு தயாரானதும் என்னிடம் கொண்டு வருவதற்கு முன்னால், அதில் பேர் வருகிற ஒவ்வொரு தெருவிலும் ஒருவரிடம் படித்துக் காட்டுங்கள். உங்களுக்கு ஓட்டுப் போடாதவராக இருந்தால் ரொம்ப நல்லது. அக்கா தெற்குத் தெருவில் படித்துக் காட்டியபோது, மனுவில் முதல் கையெழுத்துப் போட்ட பெரியவர் "சாலை வந்தது 24 இல்ல, 23 கடைசி" என்றிருக்கிறார். பில்லைத் தேடிப் பார்த்தால் அக்கா சொன்னதுதான் சரி. பெரியவர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லையாம்.

இப்படிக்கு,
பாளையங்கோட்டையிலிருந்து ஒரு நோட்டீஸ் எழுத்துக்காரன்